கொசுவின் குடலில் மலேரியா ஒட்டுண்ணிக்கு என்ன நேர்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேரியா நோயாளியைக் கடித்த கொசு எல்லாமே மலேரியாவைப் பரப்புமா?

இல்லை. முதலில் அது பெண் அனாஃபிலிஸாக இருக்க வேண்டும். ஆண் கொசு ரத்தம் குடிப்பதில்லை. கியூலெக்ஸும் ஏடிஸும் மனித மலேரியாவைச் சுமப்பதில்லை. அனாஃபிலிஸே ஆனாலும் பெரும்பாலானவற்றில் ஒட்டுண்ணி குடலைத் தாண்டாமலே அழிந்துபோகிறது. மலேரியா கடுமையாக உள்ள ஆப்பிரிக்கக் கிராமங்களில் வீட்டுக்குள் பிடித்த அனாஃபிலிஸ்களை அறுத்துப் பார்த்தால்கூட, உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணி இருப்பவை பெரும்பாலும் நூற்றில் சில மட்டுமே. ஆசியாவில் அதைவிடவும் குறைவு.

உள்ளே போவது எத்தனை, மிஞ்சுவது எத்தனை?

கொசு ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மைக்ரோலிட்டர் ரத்தம் குடிக்கிறது. நமக்குக் காய்ச்சல் தரும் ஒட்டுண்ணிகள் அந்த ரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் கொசுவுக்குள் அவை செரித்துப்போகும். பிழைக்கக்கூடியவை கேமீட்டோசைட்டுகள், அதாவது ஆண் பெண் எனப் பிரிந்த பாலின நிலை ஒட்டுண்ணிகள் மட்டும்தான். ஒரு குடியில் அவை சில நூறு இருக்கலாம், சில ஆயிரமும் இருக்கலாம். அவற்றில் ஆணும் பெண்ணும் சேர்ந்து, வளர்ந்து, நகரும் புழு வடிவமான ஊக்கினீட்டாக மாறுபவை சில பத்துகளில் இருந்து நூறு வரை. குடல் சுவரைத் தாண்டி அதன் வெளிப்புறத்தில் ஊசிஸ்ட் என்னும் உருண்டையாக உட்காருபவை, வெளியில் பிடித்த கொசுக்களில், பெரும்பாலும் ஐந்துக்கும் குறைவு. பல கொசுக்களில் ஒன்றுகூட இருக்காது.

அதன் பிறகு கணக்கு தலைகீழாகிறது. ஒரே ஊசிஸ்ட் வெடித்தால், மனிதருக்குத் தொற்றும் வடிவமான ஸ்போரோசோயிட்டுகள் ஆயிரக்கணக்கில் வெளியே வரும். ஆகவே ஒட்டுண்ணியின் வாழ்க்கையிலேயே மிகக் குறுகலான இடம் கொசுவின் குடல் சுவர். கீழே வரும் பதில்களில் பாதி அந்தச் சுவரைப் பற்றியவைதான்.

குடல் சுவருக்கு வருவதற்கு முன்பே ஏன் இவ்வளவு சாகின்றன?

முதல் நாள் இழப்பில் கொசுவின் பங்கு ஓரளவுதான். ரத்தம் உள்ளே வந்ததும் வெப்பம் குறைகிறது, கார அமிலத் தன்மை மாறுகிறது, கொசுவிடம் உள்ள சாந்துரினிக் அமிலம் என்ற பொருள் ஒட்டுண்ணியைத் தட்டி எழுப்புகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆண் கேமீட்டோசைட் எட்டு வால் செல்களாகப் பிரிந்து துள்ளும். உறைந்துகொண்டிருக்கும் ரத்தக் குவியலுக்குள் அவை பெண் செல்லைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். கிடைக்காதவை அவ்வளவுதான்.

கூடவே வந்த மனித ரத்தமும் சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள வெள்ளை அணுக்களும், கிருமிகளைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் சில மணி நேரம் கொசுவின் வயிற்றிலும் வேலை செய்யும். சிவப்பணுவின் உறையைக் களைந்துவிட்டு வெளியே வந்த ஒட்டுண்ணி, நம் உடலின் செல்கள் காம்ப்ளிமென்டிலிருந்து தப்பிக்க வைத்திருக்கும் ஃபேக்டர் எச் என்ற புரதத்தைப் பிடித்துத் தன் மேல் ஒட்டிக்கொண்டு சமாளிக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் இந்த நிலைகளுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அதுவும் இங்கே வேலை செய்யும். மாலியில் சோதிக்கப்பட்ட பரவல் தடுப்பு மலேரியாத் தடுப்பூசிகள் இதை நம்பித்தான் உருவாக்கப்பட்டன. மனிதருக்குப் போடும் ஊசி கொசுவின் வயிற்றில் வேலை செய்வது விசித்திரம்தான்.

இதற்கிடையே கொசுவின் செரிமான நொதிகள் பெருகுகின்றன, ரத்தக் குவியலைச் சுற்றிக் கைட்டினால் ஆன ஒரு சவ்வும் உருவாகிறது. ஊக்கினீட் கைட்டினைக் கரைக்கும் நொதியைச் சுரந்து அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். இதற்குள் ஏறக்குறைய ஒரு நாள் ஓடியிருக்கும்.

கொசுவுக்கு நம்மைப் போல எதிர்ப்புச் சக்தி உண்டா? ஆன்டிபாடி இருக்கிறதா?

ஆன்டிபாடி கிடையாது. நம்மிடம் உள்ள டி செல், பி செல் வகையறாவும் கிடையாது. ஆனால் அவற்றைவிடப் பழமையான ஒன்று இருக்கிறது. நம் காம்ப்ளிமென்ட் அமைப்பின் மையப் புரதமான சி3-க்குத் தூரத்து உறவான ஒரு புரதம் கொசுவின் ரத்தத்தில், அதாவது ஹீமோலிம்ஃபில், சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் டெப்-1. கூடவே ஹீமோசைட் எனப்படும் ரத்த அணுக்களும், கிருமி கொல்லும் சிறு புரதங்களும், கரும்பூச்சு பூசி எதிரியை மூடிவிடும் ஏற்பாடும் உண்டு.

ஒரு சிக்கலை மட்டும் மனதில் வையுங்கள். டெப்-1 இருப்பது குடலுக்கு வெளியே, உடல் குழியில். ஒட்டுண்ணி இருப்பது குடலுக்கு உள்ளே. இரண்டும் சந்திக்கும் இடம் குடல் சுவரின் வெளிப்பக்கம் மட்டும்தான்.

குடல் சுவரைத் தாண்டும்போது சரியாக என்ன நடக்கிறது?

கொசுவின் நடுக்குடல் சுவர் ஒரே ஓர் அடுக்கு செல்களால் ஆனது. அதன் வெளிப்புறத்தில் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய விரிப்பு. ஊக்கினீட் நேராக ஒரு செல்லுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, இந்த விரிப்புக்குக் கீழே போய் நிற்க வேண்டும். ரத்தம் குடித்து ஒரு நாளுக்கும் ஒன்றரை நாளுக்கும் இடையில் இது நடக்கும். தூரம் சில பத்து மைக்ரான்தான். ஆனால் அதிகம் சாவது இங்கேதான்.

துளைக்கப்பட்ட செல் பிழைப்பதில்லை. அது சுருங்கும், அதன் டிஎன்ஏ சிதையும், பக்கத்துச் செல்கள் அதைக் குடலின் உட்புறமாகத் தள்ளிவிட்டு இடைவெளியை மூடிக்கொள்ளும். செல் தள்ளப்படுவதற்கு முன் ஊக்கினீட் வெளியேறிவிட வேண்டும். தாமதித்தால் அதோடு சேர்ந்து குடலுக்குள்ளேயே திரும்பி விழும். கரோலினா பாரிய்யாஸ்-முரியின் குழு 2000-இல் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசுவில் இதைக் கண்டு வெளியிட்டபோது, அதை நேரம் குறித்த வெடிகுண்டு என்ற வகையில் விளக்கினார்கள்.

சாகும் தறுவாயில் அந்தச் செல் இன்னொன்றும் செய்கிறது. அதற்குள் நைட்ரிக் ஆக்சைடு பெருகும். இரண்டு நொதிகள் சேர்ந்து அதை வீரியமான பொருளாக மாற்றி, அருகிலுள்ள புரதங்களில் நைட்ரோ அடையாளம் பதிக்கும். வெளியேறும் ஊக்கினீட் இந்த அடையாளத்தோடுதான் வருகிறது. அடித்தளச் சவ்வின் வெளிப்புறத்தில் உலவும் ஹீமோசைட்டுகள், நைட்ரோ அடையாளம் பட்ட இடத்தைத் தொட்டதும் நுண்குமிழ்களை வெளியிடுகின்றன. குமிழ் வெளிவந்த இடத்தில் டெப்-1 விழித்துக்கொள்ளும். ஊக்கினீட்டின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் ஒட்டுண்ணியின் தோல் குமிழ் குமிழாக உப்பி, உட்கரு சுருங்கிச் சாகிறது.

என்னைக் கேட்டால் இந்த ஏற்பாட்டின் அழகே, கொசு ஒட்டுண்ணியை நேரடியாக அடையாளம் காண வேண்டியதில்லை என்பதுதான். தன் செல்லுக்கு நேர்ந்த சேதத்தை அது கவனிக்கிறது. எவன் சேதம் செய்தானோ அவன் மேல் அடையாளம் தானாக விழுகிறது.

டெப்-1 தான் கொல்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சோதனையின் வடிவம் எளிது. ஒரு கொசுக் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதிக்கு டெப்-1 மரபணுவின் செய்தியை அழிக்கும் இரட்டை இழை ஆர்என்ஏவை மார்பில் ஊசியாகப் போடுகிறார்கள். மறு பாதிக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு மரபணுவுக்கான ஆர்என்ஏ. ஊசி குத்திய காயத்தால் வந்த மாற்றமா, டெப்-1 போனதால் வந்த மாற்றமா என்று பிரித்தறிய இது அவசியம். மூன்று நான்கு நாள் கழித்து இரு பாதிகளுக்கும் ஒரே மூலத்திலிருந்து ஒட்டுண்ணி கலந்த ரத்தம். ஒரு வாரம் பொறுத்து, குடலை அறுத்தெடுத்து ஊசிஸ்ட்டுகளை எண்ண வேண்டியதுதான். குடலை மெர்குரோகுரோம் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்தால் உருண்டைகள் சிவப்பாகத் தெரியும். பச்சையாக ஒளிரும் மரபு மாற்றிய ஒட்டுண்ணியானால் சாயமே வேண்டாம்: உயிருள்ளவை ஒளிரும், செத்தவை ஒளியிழந்துவிடும்.

ஸ்டெபனி பிளாண்டின், எலினா லெவாஷினா குழு 2004-இல் இப்படிச் செய்து பார்த்தார்கள். ஆப்பிரிக்காவின் அனாஃபிலிஸ் காம்பியே கொசுவும், எலி மலேரியா ஒட்டுண்ணியான பெர்கெயும். டெப்-1 அணைக்கப்பட்ட கொசுக்களில் ஊசிஸ்ட்டுகள் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதாவது சாதாரண கொசு சுமார் 80 விழுக்காட்டு ஊக்கினீட்டுகளை டெப்-1 வழியாகவே கொன்றுகொண்டிருந்தது.

இன்னும் சுவையானது, எல்3-5 என்ற ஆய்வகக் காம்பியே கொசு வகையில் கிடைத்த முடிவு. 1980-களில், ஒட்டுண்ணியை ஏற்காத கொசுக்களாகப் பொறுக்கிப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்து உருவாக்கிய வகை அது. அதன் குடலை நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பு உருண்டைகளுக்குப் பதில் மெலனின் பூசிய கரும்புள்ளிகள் குடல் சுவரெங்கும் தெரியும். எல்லாம் செத்துப்போன ஒட்டுண்ணிகள். அந்தக் கொசுவிலேயே டெப்-1-ஐ அணைத்ததும் கரும்புள்ளிகள் மறைந்து, ஒட்டுண்ணிகள் உயிரோடு வளரத் தொடங்கின. கரும்பூச்சு விழுவதற்கும் முதலில் டெப்-1 தேவை என்பது அப்போது தெளிவானது.

இந்த எண்களை அப்படியே மனித மலேரியாவுக்கு மாற்றிவிடக் கூடாது. பெர்கெய் ஒட்டுண்ணி இயற்கையில் காம்பியே கொசுவைச் சந்திப்பதே இல்லை. ஆய்வகத்தில் கையாள வசதியானது என்பதால் நடந்த கட்டாயத் திருமணம் அது.

அப்படியானால் ஆப்பிரிக்காவில் ஏன் இவ்வளவு மலேரியா? அங்குள்ள கொசுவிடமும் டெப்-1 இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அங்குள்ள ஒட்டுண்ணி அதன் கண்ணில் படாமல் தப்பிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இதைக் காட்டிய சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மேலே சொன்ன அதே எல்3-5 கொசுவுக்கு மனித ஒட்டுண்ணியான ஃபால்சிபாரத்தின் இரண்டு வகைகளைத் தனித்தனியே கொடுத்தார்கள். ஒன்று பிரேசிலிலிருந்து வந்த 7ஜி8. மற்றது ஆப்பிரிக்காவின் கானாவிலிருந்து வந்த ஜிபி4. கொசு ஒன்றே, ஒட்டுண்ணி இனமும் ஒன்றே. பிரேசில் வகை கரும்புள்ளிகளாகச் செத்துக் கிடந்தது. கானா வகை நிம்மதியாக வளர்ந்தது. டெப்-1-ஐ அணைத்தால் பிரேசில் வகையும் பிழைத்தது. ஆகவே அந்த ஒட்டுண்ணியிடம் வேறு குறை எதுவும் இல்லை; டெப்-1-இடமிருந்து தப்பிக்கத் தெரியாததுதான் குறை.

கானா வகை கொசுவின் எதிர்ப்பையே மொத்தமாக முடக்கிவிடுகிறதோ என்ற சந்தேகம் வரும். இரண்டையும் ஒரே கொசுவுக்குள் கலந்து விட்டுப் பார்த்தபோது, தப்பிக்கத் தெரிந்தது தப்பித்தது, தெரியாதது செத்தது. ஆக, ஒவ்வொரு ஒட்டுண்ணியும் தனக்குத் தானே தப்பிக்கிறது. பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றுவதில்லை.

அடுத்து அந்த இரு வகைகளையும் கலந்து பிறந்த சந்ததிகளில், தப்பிக்கும் குணம் எந்த மரபணுவோடு சேர்ந்து வருகிறது என்று தேடினார்கள். ஆல்வரோ மோலினா-குரூஸ், பாரிய்யாஸ்-முரி குழு 2013-இல் வெளியிட்ட விடை, பிஎஃப்எஸ்-47. ஊக்கினீட்டின் மேற்பரப்பில் இருக்கும் புரதம் இது. துளைக்கப்பட்ட குடல் செல்லின் சாவுச் சமிக்ஞையை இது தடுக்கிறது. சமிக்ஞை எழாவிட்டால் நைட்ரோ அடையாளம் விழாது, ஹீமோசைட் குமிழ் விடாது, வெளியே டெப்-1 காத்திருந்தும் பயனில்லை.

இந்தப் புரதத்தின் வடிவம் கண்டத்துக்குக் கண்டம் மாறுகிறது. ஆப்பிரிக்க வடிவம் காம்பியேயில் தப்பிக்கிறது. அதே ஒட்டுண்ணி லத்தீன் அமெரிக்கக் கொசுவான அல்பிமானஸில் பெருமளவு சாகிறது. ஒட்டுண்ணியின் பிஎஃப்எஸ்-47-ஐ மட்டும் அமெரிக்க வடிவமாக மாற்றிவிட்டால் அல்பிமானஸிலும் பிழைக்கிறது. 2015-இல் இதற்குப் பூட்டு-சாவிக் கோட்பாடு என்று பெயர் வைத்தார்கள். சாவி பிஎஃப்எஸ்-47. பூட்டு, கொசுவின் குடல் செல்லில் அதை வாங்கிக்கொள்ளும் ஒரு புரதம். அதையும் 2020-இல் அடையாளம் கண்டார்கள். ஆப்பிரிக்காவில் தோன்றிய ஃபால்சிபாரம் மனிதர்களோடு உலகெங்கும் போனபோது, போன இடத்துக் கொசு அதைச் சலித்து எடுத்திருக்கிறது. பொருந்திய வடிவமே அங்கே நிலைத்தது.

குடலில் உள்ள பாக்டீரியாக்களுக்கும் இதில் பங்கு உண்டாமே?

உண்டு, கணிசமாகவே. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்த கொசுக்களில் ஒட்டுண்ணி அதிகமாகப் பிழைக்கிறது. ரத்தம் குடித்தவுடன் பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகும். அவற்றைச் சமாளிக்கக் கொசு எழுப்பும் எதிர்ப்பு, கூடவே ஒட்டுண்ணியையும் அடிக்கிறது. தவிர, ஒரு தடவை ஊக்கினீட் குடலைத் துளைத்தபோது பாக்டீரியா குடல் செல்களைத் தொட்டுவிட்டால், அந்தக் கொசுவின் ஹீமோசைட்டுகள் நெடுநாள் உஷாராக இருக்கும். அடுத்த தொற்றில் ஒட்டுண்ணிகள் குறையும். ஆன்டிபாடி இல்லாமலே ஒருவகை நினைவாற்றல்.

சில பாக்டீரியாக்கள் கொசுவின் தயவின்றி நேரடியாகவே வேலை செய்கின்றன. ஸ்பெயினின் ட்ரெஸ் கான்டோஸில் ஓர் ஆய்வகத்தில் வளர்த்த ஸ்டீபன்சி கூட்டம் நாளடைவில் ஒட்டுண்ணியை ஏற்காமல் போனது. காரணம் தேடியபோது டெல்ஃப்டியா என்ற பாக்டீரியா குடலில் குடியேறியிருந்தது. அது சுரக்கும் ஹார்மேன் என்ற சிறு மூலக்கூறு ஒட்டுண்ணியின் தொடக்க வளர்ச்சியைத் தடுத்தது. 2023-இல் அது வெளியானது. சோதனை கெட்டுப்போனதாக நினைத்து அந்தக் கூட்டத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

குடலைத் தாண்டிவிட்டால் ஒட்டுண்ணி ஜெயித்துவிட்டதா?

பாதி ஜெயித்தது. ஊசிஸ்ட் பத்து முதல் பதினான்கு நாள் அடித்தளச் சவ்வுக்குக் கீழே வளர வேண்டும். ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்ட, கருநிறமித் துகள் கொண்ட செல்கள் இவைதான். இந்தக் காலத்திலும் ஹீமோசைட்டுகள் சார்ந்த இரண்டாவது அலையில் சில அழிகின்றன.

ஊசிஸ்ட் வெடித்து வெளிவரும் ஸ்போரோசோயிட்டுகள் கொசுவின் ரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படுகின்றன. ஐந்தில் ஒன்றுதான் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது; மற்றவை வேகமாக அழிக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கில் வெளிவருவதால் இந்த இழப்பு ஒட்டுண்ணிக்குப் பெரிதாக உறைப்பதில்லை.

உறைப்பது கொசுவின் ஆயுள். தினமும் பத்தில் ஒரு கொசு சாகிறது என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு நாள் கழித்து நூறில் 28 மட்டுமே மிஞ்சும். மிச்சக் கொசுக்கள் செத்துப்போக, அவற்றுக்குள் வளர்ந்த ஊசிஸ்ட்டுகளும் வீண்தான். எதிர்ப்புச் சக்தியைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடுவது இந்த எளிய கணக்கை.

ஓர் ஊசிஸ்ட் மிஞ்சினாலே போதும் என்றால், 90 விழுக்காடு கொன்று என்ன லாபம்?

எத்தனையிலிருந்து 90 விழுக்காடு என்பதைப் பொறுத்தது. ஆய்வகத்தில் வேண்டுமென்றே அதிகம் கொடுத்து, ஒரு கொசுவில் நூறு ஊசிஸ்ட் வர வேண்டிய இடத்தில் பத்து வந்தால், அந்தக் கொசு இன்னும் நோய் பரப்பும். வெளியில் இரண்டு மூன்று வர வேண்டிய இடத்தில் 90 விழுக்காடு குறைந்தால் பெரும்பாலான கொசுக்களில் பூச்சியம்தான். ஆகவே இந்தத் துறையில் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது ஊசிஸ்ட்டின் சராசரி எவ்வளவு குறைந்தது என்பதோடு நிற்காமல், எத்தனை கொசுக்களில் ஒன்றுமே இல்லை என்ற எண்ணையும் பாருங்கள். முதல் எண்ணைப் பெரிதாகப் போட்டு இரண்டாவதை அட்டவணையில் ஒளித்துவைக்கும் வழக்கம் உண்டு.

நம் ஊர்க் கொசுவுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சென்னையில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும் ஸ்டீபன்சிக்கும் இந்தப் பாதைதான் பொதுவானது. செல் தள்ளப்படும் காட்சியை முதலில் படம்பிடித்ததே இதில்தான். ஆனால் டெப்-1, பிஎஃப்எஸ்-47 விவரங்களில் பெரும்பகுதி காம்பியே கொசுவிலும் ஃபால்சிபாரத்திலும் கிடைத்தவை. இந்தியாவில் பரவலாக உள்ள வைவாக்ஸ் ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் நோயாளியின் ரத்தம் வேண்டும். அதனால் அந்தப் பக்கம் வேலை மெதுவாகவே நகர்கிறது.

கொசுவையே மாற்றி ஒட்டுண்ணி நுழைய முடியாமல் செய்ய முடியாதா?

2025-இல் வெளியான ஒரு சோதனை இதைச் செய்து காட்டியது, அதுவும் ஸ்டீபன்சியில். ஃப்ரெப்-1 என்ற கொசுப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஊக்கினீட் குடலைத் துளைக்கிறது. அந்தப் புரதத்தின் 224-ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். சில கொசுக்களில் இயற்கையாகவே அங்கே குளூட்டமின் இருக்கிறது. கலிஃபோர்னியா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றினார்கள். ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. கொசுவின் நலனில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. ஒரு மரபணுவை வழக்கத்தைவிட அதிகச் சந்ததிகளுக்குக் கடத்தும் மரபணு உந்துதல் என்ற முறையால் ஆய்வகக் கூண்டுகளில் பத்துத் தலைமுறைக்குள் அந்த மாற்றம் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கொசுக்களுக்குப் பரவியது.

டெப்-1-ஐ வலுப்படுத்துவதைவிட இது சாதுரியமான வழி என்று நினைக்கிறேன். டெப்-1-இடமிருந்து தப்பிக்க ஒட்டுண்ணியிடம் ஏற்கெனவே சாவி இருக்கிறது. ஃப்ரெப்-1 அப்படி அல்ல. இது ஒட்டுண்ணி பிடித்து ஏறும் பிடிமானத்தையே எடுத்துவிடுகிறது. ஒட்டுண்ணி வேறு பிடிமானம் தேடிக்கொள்ளுமா என்பதற்குக் கூண்டில் பத்துத் தலைமுறை போதாது. பல நாட்டு நோயாளிகளின் ரத்தத்திலிருந்து நேரடியாக எடுத்த வெவ்வேறு வகை ஒட்டுண்ணிகளை இந்தக் கொசுக்களுக்குக் கொடுத்து, அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை அறுத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.